நன்றிக் குறிப்பேடு மூன்றாம் வாரத்தில் வறண்டுபோவது ஏன்?

பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஒரு துணிக்கடையின் புடவைப் பிரிவில் வேலை பார்க்கும் பெண் ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். பெயர் செல்வி என்று இருக்கட்டும். கடையிலிருந்து நடந்துபோகிற தூரத்தில் ஒரு சந்துக்குள் வீடு. காலேஜுக்குப் போகும் மகள் எங்கோ கேட்டுவந்து சொன்னதை நம்பி, ஒரு நாற்பது பக்க நோட்டில் தினமும் இரவு, அன்றைக்கு நன்றி சொல்லத்தக்க ஐந்து விஷயங்களை எழுத ஆரம்பிக்கிறார்.

முதல் வாரத்துப் பக்கங்களில் உயிர் இருக்கும். "கூட வேலை செய்யும் பெண் மதியம் தன் டிபன் பாக்ஸில் இருந்து பாதி வஞ்சிரத் துண்டை எடுத்து என் தட்டில் வைத்தாள்" என்று ஒரு வரி. "பில் போடும் தம்பி என் தப்பைச் சத்தம் போடாமல் திருத்திக் கொடுத்தான்" என்று இன்னொரு வரி. மூன்றாவது வாரத்தைத் திறந்தால், "குடும்பம். உடம்பு நன்றாக இருக்கிறது. வேலை இருக்கிறது. மகள். கடவுள்." மறுநாள் பக்கத்திலும் அதே ஐந்துதான், கடவுள் மட்டும் முதலிடத்துக்கு வந்திருப்பார். நாலாவது வாரம் நோட்டு பீரோவுக்கு மேலே போய்விடும்.

இப்படி ஒரு நோட்டை ஆரம்பித்த பெரும்பாலோரின் கதை இதுதான். வழக்கமாக இதற்குச் சொல்லப்படும் காரணம், எழுதுகிறவருக்கு விடாமுயற்சி போதவில்லை என்பது. இருபது வருடங்களுக்கு மேலாக இதைப் பற்றி நடந்துவரும் ஆய்வுகளைச் சேர்த்துவைத்துப் பார்த்தால் எனக்குத் தோன்றுவது வேறு. தவறு கேள்வியில் இருக்கிறது. "எனக்கு என்னவெல்லாம் இருக்கிறது?" என்று கேட்டால் பதில் சீக்கிரம் தீர்ந்துபோகும். "யார், எப்போது, தன் கையிலிருந்து எதைக் கொடுத்தார்?" என்று கேட்டால் அவ்வளவு சுலபமாகத் தீராது.

இந்தப் பழக்கத்தை ஆய்வுக்கூடத்துக்குள் கொண்டுவந்தவர்கள் அமெரிக்க உளவியலாளர்கள் ராபர்ட் எம்மன்ஸும் மைக்கேல் மெக்கல்லோவும். 2003-ல் வெளிவந்த அவர்களது கட்டுரையில் மூன்று ஆய்வுகள் உண்டு. முதலாவதில் கல்லூரி மாணவர்கள் மூன்று குழுவாகப் பிரிக்கப்பட்டு, வாரத்துக்கு ஒருமுறை என்று சுமார் பத்து வாரம் எழுதினார்கள். ஒரு குழு நன்றிக்குரியவற்றை எழுதியது. ஒரு குழு எரிச்சலூட்டியவற்றை எழுதியது. மூன்றாவது குழு அந்த வாரம் நடந்தவற்றைச் சும்மா எழுதியது. அடுத்த ஆய்வில் எழுதுவது தினசரி ஆனது, ஆனால் இரண்டு வாரத்துக்குத்தான். தினசரி எழுதியவர்களிடம் நன்றியுணர்ச்சி வாராந்திரக்காரர்களைவிடத் தூக்கலாகத் தெரிந்தது. கடைகளில் விற்கும் "தினமும் ஐந்து" நோட்டுகளுக்குத் துணை நிற்பது இந்த மாதிரி முடிவுதான்.

இரண்டு வருடம் கழித்து, சோன்யா லியுபோமிர்ஸ்கியும் அவரோடு சேர்ந்தவர்களும் வேறொரு முடிவைச் சொன்னார்கள். ஆறு வாரம் நடந்த அவர்களது ஆய்வில் ஒரு குழு வாரம் ஒருமுறை எழுதியது, இன்னொரு குழு வாரம் மூன்று முறை எழுதியது. மனநிறைவு கூடியது வாரம் ஒருமுறை எழுதியவர்களுக்குத்தான். மூன்று முறை எழுதியவர்களுக்கு எழுதியதே சலித்துப்போயிருக்கும் என்பது ஆய்வாளர்களின் ஊகம்.

ஒன்று தினமும் எழுது என்கிறது, இன்னொன்று அடிக்கடி எழுதாதே என்கிறது. இரண்டும் மோதுவதுபோல் தெரியும். கால அளவைக் கவனித்தால் மோதல் தணிந்துவிடுகிறது. எம்மன்ஸ் குழுவின் அந்த இரண்டாவது ஆய்வில் தினசரி எழுதி நல்ல பலன் கண்டவர்களை இரண்டு வாரத்தோடு நிறுத்திவிட்டார்கள். அடிக்கடி எழுதி ஒன்றும் காணாதவர்கள் ஆறு வாரம் ஓடியவர்கள். செல்வியின் நோட்டு வறண்ட மூன்றாவது வாரம் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. லியுபோமிர்ஸ்கி குழுவினுடையது ஒரே ஒரு ஆய்வு என்பதால் அதை விதியாக எடுத்துக்கொள்ளக்கூடாது. ஆனால் முதல் இரண்டு வாரம் தினமும் எழுதிக் கண்ணைப் பழக்கிக்கொண்டு, பிறகு வாரத்துக்கு ஒருமுறைக்கு இறங்குவது இரண்டு முடிவுகளோடும் பொருந்திப்போகும் ஏற்பாடு. எழுதுகிற நாள் குறையும்போது, எழுதாத ஆறு நாளும் கண் எதையோ தேடிக்கொண்டிருக்கும். அந்தத் தேடல்தான் பயிற்சி.

இனி, ஏன் சலிக்கிறது என்ற கேள்வி. எதற்கும் நாம் பழகிவிடுவோம் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். 2019 பிப்ரவரியில் வண்ணாரப்பேட்டை வரைக்கும் மெட்ரோ வந்தபோது, குடும்பத்தோடு டிக்கெட் வாங்கி ஏறி இறங்கிப் பார்த்தவர்கள் இந்தப் பேட்டையில் எத்தனையோ பேர். அதே ஆட்கள் இன்றைக்கு அந்தக் குளிர்ந்த நடைமேடையில் நின்றுகொண்டு, அடுத்த வண்டி ஏன் ஏழு நிமிஷம் ஆகிறது என்று அலுத்துக்கொள்கிறார்கள். மெட்ரோ மாறவில்லை. மாறாமல் இருப்பதை மனசு கணக்கில் எடுப்பதை நிறுத்திவிடும். "குடும்பம், உடம்பு, வேலை" மூன்றும் மெட்ரோ மாதிரி நிலைகள். நேற்றும் இருந்தன, இன்றும் இருக்கின்றன. அவற்றைத் தினமும் எழுதுவது, பழகிப்போன ஒன்றைப் பழகவில்லை என்று நடிப்பதாகிவிடுகிறது. அந்த நடிப்பு கைக்குத் தெரிந்துவிடும். எழுத்து சுருங்கி, வாக்கியங்கள் பெயர்ச்சொற்களாகிவிடும்.

ஐந்து என்ற எண்ணிக்கையிலும் ஒரு கோளாறு இருக்கிறது. 1991-ல் நார்பெர்ட் ஷ்வார்ட்ஸும் அவருடன் இருந்தவர்களும் செய்த ஒரு சோதனை நன்றியைப் பற்றியதே இல்லை. ஆனாலும் இங்கே அதுதான் அதிகம் உதவுகிறது. தான் தைரியமாக, விட்டுக்கொடுக்காமல் நடந்துகொண்ட சந்தர்ப்பங்களை நினைவுபடுத்தச் சொல்லி ஒரு சாராரிடம் ஆறு கேட்டார்கள், மற்றவர்களிடம் பன்னிரண்டு கேட்டார்கள். பன்னிரண்டு சொன்னவர்கள்தான் தங்களைத் தைரியசாலி என்று அதிகம் மதித்திருக்க வேண்டும் அல்லவா? நடந்தது நேர்மாறு. எட்டு, ஒன்பது என்று போகப்போக நினைவுக்கு வராமல் திணறியவர்கள், "இவ்வளவு யோசிக்க வேண்டியிருக்கிறதே, நான் அப்படிப்பட்ட ஆள் இல்லை போலும்" என்று முடிவுகட்டிவிட்டார்கள்.

இதை நோட்டுக்குப் பொருத்திப் பாருங்கள். பன்னிரண்டு மணி நேரம் நின்றுவிட்டு வந்த செல்வி இரண்டு விஷயத்தைச் சட்டென்று எழுதிவிடுவார். நாலாவதுக்கும் ஐந்தாவதுக்கும் பேனா மூடியைக் கடிக்க வேண்டியிருக்கும். அந்தத் திணறலில் மனசு படிக்கிற பாடம், "என் வாழ்க்கையில் நன்றி சொல்ல அதிகம் ஒன்றும் இல்லை" என்பது. நன்றியை வளர்க்க வைத்த நோட்டு அதைக் குறைக்கிற இடம் இதுதான். அந்தத் திணறலிலிருந்து தப்பிக்கத்தான் "கடவுள்", "காற்று", "சூரியன்" எல்லாம் வரிசையில் வந்து நிற்கின்றன. எண்ணிக்கையை ஒன்றாகக் குறைத்து, அந்த ஒன்றை ஐந்தாறு வரிக்கு எழுதச் சொன்னால் பாதி நோய் அங்கேயே தீரும்.

மார்ட்டின் செலிக்மன் குழு 2005-ல் வெளியிட்ட ஆய்வில் மூன்று நல்ல விஷயம் எழுதச் சொன்னார்கள், ஒரே ஒரு வாரம். அது ஆறு மாதம் வரை பலன் கொடுத்தது என்பதைப் பலரும் மேற்கோள் காட்டுகிறார்கள். அதில் இருந்த இன்னொரு நிபந்தனையை ஏனோ விட்டுவிடுகிறார்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரில், அது ஏன் நடந்தது என்றும் எழுத வேண்டும் என்பது அந்த நிபந்தனை. அச்சிட்ட நோட்டுகளில் எண் போட்டு மூன்று கோடு இருக்கும், ஏன் என்பதற்கு இடம் இருக்காது. அந்த "ஏன்" போனதும் நோட்டு வெறும் பட்டியலாகிவிடுகிறது. ஏனென்றால் நிகழ்ச்சிக்குத்தான் காரணம் சொல்ல முடியும். "உடம்பு நன்றாக இருக்கிறது" என்பதற்கு ஏன் என்று கேட்டால் செல்வி என்ன எழுதுவார்?

இப்போது ஒரு குறிப்பை எடுத்துக்கொண்டு மெதுவாகப் பார்க்கலாம். மூன்றாவது வாரத்தில் செல்வி எழுதியிருந்தது: "பக்கத்தில் நல்ல மனுஷங்க இருக்காங்க." இதில் பொய் எதுவும் இல்லை, ஆனால் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. இந்த வரிக்குப் பின்னால் அந்த வாரம் என்ன நடந்திருக்கும் என்று கேட்டால் இப்படி ஒன்று வரலாம்:

"புதன்கிழமை சரக்கு வந்து அடுக்கியதில் கடையை விட்டுக் கிளம்ப ஒன்பதே முக்கால் ஆகிவிட்டது. தெரு அடிபம்பில் எட்டு மணிக்கு வந்த தண்ணீர் எட்டரைக்கே நின்றுவிட்டதாம். மேல்வீட்டு அக்கா என் வாசலில் கிடந்த இரண்டு குடத்தையும் எடுத்துப் பிடித்து, தட்டுப் போட்டு மூடி வைத்திருந்தார். அவருக்கு முட்டிவலி. தன் குடத்தை மேலே ஏற்றவே படியில் இரண்டு தடவை நிற்பார். நான் கேட்கவில்லை. போன மாதம் அவர் பேத்தியை ஸ்டான்லிக்குக் கூட்டிப்போனபோது நான் துணைக்குப் போனேன், அதற்காக இருக்குமோ என்று நினைத்தேன். இல்லை, அதற்கு முன்னாலும் ஒருதரம் பிடித்து வைத்திருக்கிறார்."

இந்த ஐந்தாறு வரியில் மூன்று சமாச்சாரம் ஏறியிருக்கிறது. கொடுத்தவருக்கு என்ன செலவு என்பது ஒன்று, முட்டிவலி அதைச் சொல்கிறது. வாங்கியவருக்கு அது எவ்வளவு வேண்டியிருந்தது என்பது இன்னொன்று, நின்றுபோன தண்ணீர் அதைச் சொல்கிறது. எதையும் எதிர்பார்த்துச் செய்தாரா என்பது மூன்றாவது. பிரிட்டிஷ் உளவியலாளர் அலெக்ஸ் உட்டும் மற்றவர்களும் 2008-ல் எழுதிய கட்டுரையில், ஒரு உதவியை நாம் நன்றியாக உணர்வதை முடிவுசெய்வது ஏறக்குறைய இந்த மூன்றுதான் என்று காட்டினார்கள்: உதவியின் மதிப்பு, கொடுத்தவர் பட்ட சிரமம், உள்நோக்கம் இல்லாத மனசு.

நமக்கு இது புதுச் செய்தி இல்லை. திருக்குறளின் 11-வது அதிகாரமான செய்ந்நன்றி அறிதலை ஒருமுறை இந்தக் கண்ணோடு வாசித்துப் பாருங்கள். முதல் நாலைந்து குறளும் உதவியை எப்படி அளப்பது என்பதைத்தான் பேசுகின்றன. முன்பு நாம் ஒன்றும் செய்யாதிருக்க வந்ததா, வேண்டிய நேரத்தில் வந்ததா, திரும்ப என்ன வரும் என்று எடைபோடாமல் வந்ததா, அளவில் சிறியதானாலும் வாங்கியவர் அதைப் பெரிதாக அறிந்தாரா என்று போகிறது அந்த வரிசை. அந்த அதிகாரத்தில் "உனக்கு இருப்பதை எண்ணிப்பார்" என்று ஒரு குறளும் இல்லை. எல்லாக் குறளிலும் ஒருவர் செய்தார், இன்னொருவர் பெற்றார். பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்த பத்துக் குறளைக் கேள்வித்தாளாக வைத்துக்கொண்டால் வேறு நோட்டு வாங்க வேண்டியதில்லை.

நாட்குறிப்பில் நிகழ்ச்சி எப்படிச் சலிக்காது என்பதற்குப் பக்கத்தூர் சாட்சி ஒருவரும் உண்டு. பெரம்பூரில் 1709-ல் பிறந்து புதுச்சேரிக்குப் போன ஆனந்தரங்கப் பிள்ளை, 1736 முதல் 1761 வரை கால் நூற்றாண்டு நாட்குறிப்பு எழுதினார். அது நன்றிக் குறிப்பு இல்லை, வியாபாரமும் அரசியல் சண்டையும்தான் நிறைய. ஆனாலும் யார் வந்தார், என்ன சொன்னார், பதிலுக்கு என்ன நடந்தது என்று எழுதியதால்தான் இன்றைக்கும் படிக்க முடிகிறது. "இறைவன் அருளால் இன்றும் நலம்" என்று மட்டும் இருபத்தைந்து வருடம் எழுதியிருந்தால் கரையானுக்குக்கூட அலுத்திருக்கும்.

யார் கொடுத்தார் என்று கேட்க ஆரம்பித்ததும் ஒரு சிக்கல் முளைக்கிறது. வடசென்னையில் அதைத் தாண்டிப் போக முடியாது. செல்வி ஒருநாள், "முதலாளி இந்த வாரம் ஸ்டூல் போட்டுக் கொடுத்தார், உட்கார முடிந்தது" என்று எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். இது நன்றிக் குறிப்பா? கடைகளில் வேலை செய்பவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-ல் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தியிருக்கிறார்கள். ஸ்டூல் முதலாளியின் தாராளம் இல்லை, செல்வியின் பாத்தியதை. அடிபம்பில் தண்ணீர் வருவதும் அப்படித்தான், அதற்கு வரி கட்டுகிறோம். இந்த மாதிரி வரிகள் பெருகினால் நோட்டு இரண்டு விதத்தில் கெடும். ஒன்று, உரிமையைச் சலுகையாகப் பார்க்கப் பழகிவிடுவோம். இன்னொன்று, எழுதும்போதே உள்ளே ஒரு குரல் "இதுக்கெல்லாமா தேங்க்ஸு?" என்று கேட்கும். அந்தக் குரலை அமுக்கி அமுக்கி எழுதினால் எழுத்து இயந்திரத்தனமாகத்தான் வரும். சலிப்புக்கு இது ஒரு முக்கியமான காரணம் என்றும், மேல்நாட்டு ஆய்வுகள் இதை அதிகம் கண்டுகொள்ளவில்லை என்றும் நான் நினைக்கிறேன். அவை பெரும்பாலும் கல்லூரி மாணவர்களைக் கொண்டு நடந்தவை. நாளெல்லாம் நின்று வேலை செய்கிறவரின் நோட்டை அவை அதிகம் பார்த்ததில்லை.

வர வேண்டியது வந்தால் அதை எழுத வேண்டாம், வர வேண்டியதற்கு மேல் வந்ததை எழுதலாம். ஸ்டூல் ஒன்றே ஒன்று இருந்து, மாதவிடாய் வலியோடு நிற்கும் செல்வியைப் பார்த்துவிட்டு, தானும் கால் கடுக்க நின்றுகொண்டிருக்கும் சக ஊழியர் அதைக் காலால் நகர்த்திவிட்டால், அது எழுதத்தக்கது. சம்பளம் வாங்கிக்கொண்டு செய்கிறார்கள் என்பதற்காக ஒருவரை ஒட்டுமொத்தமாகத் தள்ளிவிடவும் கூடாது. மாத்திரைச் சீட்டை ஒருதரம் படித்துச் சொல்வது நர்ஸின் வேலை. பின்னால் வரிசை நீண்டிருக்கும்போது, எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிக்கு மாத்திரை அட்டையில் பேனாவால் சூரியனும் நிலாவும் வரைந்து கொடுப்பது வேலைக்கு மேலே.

இந்த இடத்தில் எம்.சி. ரோட்டுப் பழைய கடைக்காரர்களின் கணக்கு முறையை நோட்டுக்கு இரவல் வாங்கச் சொல்வேன். அவர்களிடம் நாள்வழி ஒன்று இருக்கும், பேரேடு ஒன்று இருக்கும். நாள்வழியில் தேதிவாரியாக எல்லாம் விழும். பேரேட்டில் ஆளுக்கு ஒரு பக்கம். நாம் எல்லோரும் நன்றியை நாள்வழியிலேயே எழுதிக்கொண்டிருக்கிறோம். தேதி தினமும் ஒன்று என்பதால் தினமும் எதையாவது போட்டாக வேண்டும் என்ற நெருக்கடி வருகிறது. பேரேடாக மாற்றினால், மேல்வீட்டு அக்காவுக்கு ஒரு பக்கம், பில் போடும் தம்பிக்கு ஒரு பக்கம், மாமியாருக்கு ஒரு பக்கம். இந்த வாரம் யார் பக்கத்தில் எழுதுவது என்று தேடும்போது, மூன்று மாதமாகக் காலியாகக் கிடக்கும் ஒரு பக்கம் கண்ணில் படும். உண்மையிலேயே ஒன்றும் இல்லையா, கவனிக்கவில்லையா என்ற கேள்வி தானாக எழும்.

ஜப்பானில் இதை ஒரு முறையாகவே செய்துவைத்திருக்கிறார்கள். யோஷிமோதோ இஷின் என்ற வியாபாரி, பௌத்த மரபிலிருந்து எடுத்து 1940-களில் உருவாக்கிய அந்த முறைக்கு நைகான் என்று பெயர். ஒருவரை எடுத்துக்கொள்ள வேண்டும், பெரும்பாலும் அம்மாவிலிருந்து தொடங்குவார்கள். ஒரு காலத்தையும் குறித்துக்கொள்ள வேண்டும், பள்ளிக்கூடம் போகும் முன் என்றோ ஆறாவது வகுப்பு வரை என்றோ. பிறகு மூன்று கேள்வி: அவரிடமிருந்து நான் பெற்றது என்ன, அவருக்கு நான் கொடுத்தது என்ன, அவருக்கு நான் கொடுத்த தொல்லை என்ன? அவர் எனக்குக் கொடுத்த தொல்லை என்ற நாலாவது கேள்வி வேண்டுமென்றே விடப்பட்டிருக்கிறது, அது யாரும் கேட்காமலே ஞாபகம் இருக்கும் என்பதால். ஆளையும் காலத்தையும் இப்படிக் குறுக்கியபின் ஒரே பதில் திரும்ப வர வாய்ப்பே குறைவு. "அம்மா" என்று எழுதுவது ஒரு சொல்லோடு முடிந்துவிடும். "எனக்குப் பத்து வயதிலிருந்து பன்னிரண்டு வயது வரை அம்மா என்ன செய்தார்?" என்பதற்கு ஒரு மாலைப்பொழுது போதாது.

ஆனால் அந்த முறையின் இரண்டாவது, மூன்றாவது கேள்விகளை நம் ஊரில் எச்சரிக்கையோடு கையாள வேண்டும். இந்தியர்களையும் வெள்ளை அமெரிக்கர்களையும் ஒப்பிட்டு 2017-ல் வெளியான ஓர் ஆய்வு, நன்றிக் கடிதம் எழுதச் சொன்னபோது அமெரிக்கர்களுக்குப் பெரும்பாலும் மகிழ்ச்சிதான் வந்தது, இந்தியர்களுக்கு மகிழ்ச்சியோடு வருத்தமும் குற்ற உணர்வும் கலந்து வந்தது என்று கண்டது. படித்தபோது எனக்கு ஆச்சரியமாக இல்லை. நன்றியைக் கடனாகப் பார்க்கிற ஊர் இது. அப்பா கடன் வாங்கிப் படிக்கவைத்ததை எழுத உட்கார்ந்தால், அவருடைய கடைசி நாட்களில் நாம் பக்கத்தில் இல்லாதது அடுத்த வரியில் வந்து நிற்கும். நோட்டைத் தொடாமல் விடுகிற பலர் சோம்பலால் விடுவதில்லை, இந்த அடுத்த வரிக்குப் பயந்துதான் விடுகிறார்கள். "குடும்பம்" என்ற ஒற்றைச் சொல் பலநேரம் அந்தப் பயத்தின் மேல் போட்ட மூடி. அப்படி உறுத்துகிற பக்கத்தை மூடிவைத்துவிட்டு, கணக்கு லேசாக இருக்கும் ஆளிடமிருந்து ஆரம்பிப்பது நல்லது. உறுத்தலில் ஏதாவது செய்யக்கூடியது இருந்தால், ஒரு போன், ஒரு நேரடிச் சந்திப்பு, அதைச் செய்துவிட்டு அந்தப் பக்கத்துக்கு வரலாம்.

இன்னொரு வழி, எப்போதாவது மட்டும் எடுக்க வேண்டியது, இல்லாமல் போயிருந்தால் என்று எழுதிப்பார்ப்பது. 2008-ல் மின்கியுங் கூ, திமோத்தி வில்சன், டேனியல் கில்பர்ட் முதலானோர் செய்த ஆய்வில், தன் வாழ்க்கைத் துணையை எப்படிச் சந்தித்தேன் என்று எழுதியவர்களைவிட, எப்படிச் சந்திக்காமலே போயிருக்கக்கூடும் என்று எழுதியவர்களுக்கு உறவில் நிறைவு கூடியது. செல்வி இந்த வேலைக்கு வந்ததே, கொருக்குப்பேட்டை கேட் மூடிக்கிடந்தபோது பக்கத்தில் நின்ற பழைய சிநேகிதி "எங்க கடையில ஆள் கேக்கறாங்க" என்று சொன்னதால் என்று வைத்துக்கொள்வோம். அன்றைக்குக் கேட் திறந்திருந்தால்? அந்தச் சிநேகிதி வேறு தெருவில் போயிருந்தால்? பழகிப்போன "வேலை இருக்கிறது" என்ற வரி இப்படி எழுதும்போது மறுபடியும் ஒரு நிகழ்ச்சியாகிவிடுகிறது. வருடத்துக்கு நாலைந்து முறைக்கு மேல் இது தாங்காது. எல்லாவற்றையும் இழந்து பார்க்கப் பழகினால் மனசு கவலைக்குத் தாவிவிடும்.

நோட்டு இயந்திரமாகிவிட்டதைக் கண்டுபிடிப்பது கஷ்டம் இல்லை. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை திருப்பிப் பார்க்கும்போது, தேதியைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு படித்தால் அது எந்த வாரம் என்று தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் அந்தக் குறிப்பில் நிகழ்ச்சி இல்லை. வரிகளில் ஆள் பெயர் குறைந்துகொண்டே வருவதும் ஓர் அடையாளம். ஒரே பேனா, ஒரே சாய்வில் நாலு வாரக் குறிப்பு இருந்தால் அது விட்டதைப் பிடிக்க ஒரே நாளில் எழுதியது. விட்டதைப் பிடிக்கவே கூடாது. தீபாவளிக்கு முந்தைய மாதம் எம்.சி. ரோட்டில் வேலை செய்கிறவருக்குச் சாப்பிடவே நேரம் இருக்காது. அந்த மாதத்துப் பக்கம் காலியாக இருப்பதுதான் நேர்மை.

இந்த நோட்டிடம் எவ்வளவு எதிர்பார்க்கலாம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். 27 ஆய்வுகளைத் தொகுத்து 2021-ல் டேவிட் கிரெக், ஜெனிஃபர் சீவன்ஸ் இருவரும் எழுதிய அலசலில், மனச்சோர்வையும் பதற்றத்தையும் குறைப்பதில் நன்றிப் பயிற்சிகளின் பங்கு சிறியதுதான் என்று தெரிந்தது. சிகிச்சை வேண்டியவருக்கு நோட்டு மருந்தாகாது. வீட்டில் அடி வாங்குகிற பெண்ணிடம் கணவரைப் பற்றி நல்லதாக மூன்று எழுது என்று சொல்வது கொடுமை. துக்கம் நடந்த வீட்டில் உடனே இதை எடுத்து நீட்டுவதும் தவறு. துக்கத்துக்கு வந்து சமைத்துப் போட்டவர்களின் பெயரை ஒரு சீட்டில் குறித்துவைத்தால் போதும், எழுதுவது பிறகு தானாக வரும்.

கடைசியாக, எந்த ஆய்விலும் நான் பார்க்காத ஒரு காரணம். ஒற்றை அறை வீட்டில் நோட்டுக்கு ஒளிவிடம் கிடையாது. செல்வி எழுதியதை மகள் படிப்பாள், கணவர் புரட்டுவார், மாமியார் யாரையாவது படிக்கச் சொல்லிக் கேட்பார். "மேல்வீட்டு அக்கா பிடித்து வைத்தார்" என்று எழுதினால், "நான் தினமும் பிடிச்சு வெக்கறது கண்ணுக்குத் தெரியலையா?" என்று ஒரு பேச்சு கிளம்பும். அடுத்த வாரத்திலிருந்து செல்வி எழுதுவது படிக்கப்போகிறவர்களுக்காக. யாரும் மனம் கோணாதபடி எழுதுகிற ஒரே வழி, எல்லோரையும் பொதுவாகப் பாராட்டுவது. "குடும்பம். மகள். கடவுள்." என்ற பட்டியலை மறுபடி பாருங்கள், யாரும் சண்டைக்கு வர முடியாத பட்டியல் அது. வேலை செய்கிற இடத்தில் பூட்டு போட்ட ஒரு அலமாரித் தட்டு கிடைத்தால் நோட்டு அங்கே இருக்கட்டும். கிடைக்காவிட்டால், பெயருக்குப் பதிலாகக் கடைக்காரர்கள் விலைச் சீட்டில் போடுவதுபோலத் தனக்கு மட்டும் புரிகிற ஒரு எழுத்தைப் போட்டுக்கொள்ளலாம். மாமியாரின் பக்கத்துக்கு "ம" வேண்டாம், அதை வீட்டில் யாரும் ஒரு நொடியில் கண்டுபிடித்துவிடுவார்கள்.